எழுதுபொருள் கடையில் ஜெராக்ஸ், பில், படிவம்: எட்டு மாதக் கணக்கு

நோட்டு, பேனா, ஃபைல், பசை விற்கும் சின்ன எழுதுபொருள் கடை என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் நாளுக்கு நாலைந்து தடவையாவது "ஜெராக்ஸ் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மெஷின் வாங்கி வைத்தேன். அடுத்த மாதம் பில் கட்டும் வேலையைச் சேர்த்தேன், அதற்கடுத்த மாதம் இணையத்தில் படிவம் நிரப்புவதையும் சேர்த்தேன். மூன்றுக்கும் முதல் நாளிலிருந்தே தனி நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடையில் இந்த வேலைகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, பணம் எந்த வழியில் வருகிறது என்பதைவிட எந்த வழியில் ஒழுகுகிறது என்பதே அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். ஜெராக்ஸில் அது வீணாகும் பக்கங்களில் ஒழுகுகிறது, பில்லில் ஒரே ஒரு தப்பான எண்ணில், படிவத்தில் நிமிடங்களில்.

மெஷின் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு வெள்ளை லேசர் மெஷின், மேலே மூடி திறந்து தாள் வைக்கும் கண்ணாடியும் தாள்களைக் கட்டாக இழுத்துக்கொள்ளும் ஃபீடரும் இரண்டும் உள்ளதாக எடுத்தேன். மை ஊற்றும் இங்க் டேங்க் வகையிலும் பக்கச் செலவு குறைவுதான். ஆனால் சில நாள் ஓடாமல் கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். நகலில் தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையக்கூடும். சான்றிதழ் நகலை நம்பி வாங்கிப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது என்று தோன்றியது.

இடத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் மெஷினை உள்ளே, சுவரோரமாக வைத்தேன். நகல் எடுக்கத் திரும்பினால் கடைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பேனா கேட்டு வந்தவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார், போனதுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் மெஷினை கல்லாவுக்குப் பக்கவாட்டில் மாற்றினேன். இப்போது மூடியைத் திறந்தபடியே வருகிறவர் முகத்தைப் பார்த்து "இதோ வந்துட்டேன்" என்று சொல்ல முடிகிறது. பழைய வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு புது வேலையில் சம்பாதிப்பதில் எந்த லாபமும் இல்லை.

அந்த மாற்றத்தின்போது ஒரு தவறும் செய்தேன். புது இடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த 600 விஏ யுபிஎஸ்ஸிலேயே லேசர் மெஷினையும் செருகிவிட்டேன். மாலையில் ஒருவருக்குப் பாதி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் நகல் கேட்டார். பொத்தானை அழுத்தியதும் யுபிஎஸ் ஒரே கத்தலாகக் கத்தியது, எல்லாம் அணைந்தது. நிரப்பிய பாதிப் படிவமும் போயிற்று. லேசர் மெஷின் தாளில் பொடியைச் சூட்டில் உருக்கித்தான் ஒட்ட வைக்கிறது. அந்த உருளை சூடேறும் சில நொடிகளில் அது கிட்டத்தட்ட 1000 வாட் வரை இழுக்கும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். இப்போது மெஷினுக்குச் சுவரிலிருந்தே தனி இணைப்பு, யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கும் இணையப் பெட்டிக்கும் மட்டும்.

சரி, ஜெராக்ஸ் கணக்குக்கு வருகிறேன்.

டோனர் பெட்டியில் இத்தனை ஆயிரம் பக்கம் வரும் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். தாளின் பரப்பில் 5 சதவீதம் மட்டும் கருப்பாக இருக்கும் என்று வைத்து எடுத்த எண் அது. அதாவது இடைவெளி விட்டு அச்சடித்த ஒரு சாதாரணக் கடிதம் மாதிரி. கடைக்கு வருவது அப்படிப்பட்ட பக்கம் இல்லை. அடையாள அட்டையின் பின்னணி சாம்பல் நிறமாக விழும், பழைய சான்றிதழ் மஞ்சளாகி இருக்கும், பாடப்புத்தகத்தில் பாதிப் பக்கம் படமாக இருக்கும். எனக்கு 3000 பக்கம் என்று போட்ட டோனர் 1900 பக்கத்தில் முடிந்தது. இன்னொன்று, புது மெஷினோடு உள்ளேயே வரும் முதல் டோனரில் பல சமயம் பொடி குறைவாகத்தான் இருக்கும். அது சீக்கிரம் தீர்ந்தால் மெஷினில் குறை என்று பயப்பட வேண்டாம். அதை வைத்து விலையும் போட வேண்டாம், இரண்டாவது டோனரில் வந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

புத்தகத்தை வைத்து மூடியைத் திறந்தபடி நகல் எடுத்தால், புத்தகம் மறைக்காத இடமெல்லாம் கன்னங்கரேலென்று விழும். அந்த ஒரு பக்கம் தின்னும் பொடியில் பல சாதாரணப் பக்கங்கள் எடுத்துவிடலாம். நான் ஒரு ஏ3 வெள்ளை அட்டையை மெஷின் பக்கத்திலேயே தொங்க விட்டிருக்கிறேன். புத்தகமோ அட்டையோ வைத்தால் மேலே அதைப் போட்டு மூடிவிடுவேன். இந்த ஒரு பழக்கத்தில் டோனர் கொஞ்சம் கூடுதலாகவே ஓடுகிறது.

டோனரைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மெஷின் தான் அடித்த ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணி வைத்துக்கொள்கிறது. அமைப்புகளுக்குள் போய் அறிக்கைப் பக்கம் ஒன்றை அச்சடித்தால் மொத்த எண்ணிக்கை அதில் இருக்கும். மாதம் முதல் தேதி கடை திறந்ததும் அதை அச்சடித்து நோட்டில் ஒட்டுவேன். இரண்டாம் மாதக் கடைசியில் பார்த்தால், மெஷின் அந்த மாதத்தில் அடித்தது 2640 பக்கம். நான் காசு வாங்கியதாக நோட்டில் எழுதியிருந்தது 2415 பக்கம். 225 பக்கம் எங்கே? நூற்றுக்கு எட்டரை பக்கம் காசில்லாமல் போயிருக்கிறது. நகலில் எனக்கு மிஞ்சுவது கட்டணத்தில் பாதிகூட இல்லாதபோது, நூற்றுக்கு எட்டரை என்பது லாபத்தில் பெரிய கடி.

அடுத்த வாரம் முழுக்க, தூக்கிப்போடும் ஒவ்வொரு தாளையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பிரித்தேன். தாள் சிக்கியதால் வீணானவை கொஞ்சம்தான். பெரும்பங்கு என் அவசரத்தால் வந்தது. இரண்டு பக்கமும் வேண்டும் என்றவருக்கு ஒரு பக்கம் எடுத்தது, ஒரே தாளில் முன்பின் கேட்டவருக்குத் தனித்தனித் தாளாகக் கொடுத்தது. எல்லாவற்றையும்விட அதிகம், மங்கலாக விழுந்த ஒரு மூலத்தை முதல் நகலைக் காட்டாமலே பத்து, பதினைந்து என்று எடுத்து அப்புறம் அவர் வேண்டாம் என்றது.

அதன் பிறகு மூன்று கேள்வி கேட்காமல் பொத்தானைத் தொடுவதில்லை. எத்தனை நகல், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, தனித்தாளா ஒரே தாளா. இரண்டுக்கு மேல் கேட்டால் முதல் நகலை எடுத்துக் கையில் கொடுத்து, "இந்தக் கருப்பு போதுமா பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் மீதி. அடுத்த மாதம் மெஷின் எண்ணியது 3100, காசு வந்தது 2990. நூற்றுக்கு மூன்றரை. இன்று வரை அதற்குக் கீழே கொண்டுவர முடியவில்லை, அந்த அளவு வீணாகத்தான் செய்யும் என்று விலையிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பழுது என்று வந்ததில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு ஆளைக் கூப்பிட்டிருந்தால் காசு தண்டம். நாலாம் மாதம் ஒரு நாள், ஃபீடரில் வைத்து எடுத்த எல்லா நகலிலும் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கருப்புக்கோடு விழுந்தது. பொடியைத் தாளுக்குக் கொண்டுவரும் உருளையான டிரம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விலை விசாரிக்கப் போனை எடுத்தவன், எதற்கும் பார்ப்போம் என்று அதே தாளைக் கண்ணாடிமேல் நேரடியாக வைத்து ஒரு நகல் எடுத்தேன். கோடு இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்தேன். அதிலும் இல்லை. அப்படியென்றால் டிரம்மும் டோனரும் நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு படிக்கும் பக்கத்தில், அதுவும் ஃபீடரில் மட்டும்.

காரணம் எளிது. பெரிய கண்ணாடியில் தாள் அசையாமல் கிடக்கும், அடியில் விளக்கு நகரும். அங்கே ஒரு புள்ளி அழுக்கு இருந்தால் நகலிலும் ஒரு புள்ளிதான் விழும். ஃபீடரில் விளக்கு ஒரே இடத்தில் நிற்கும், தாள்தான் அதன்மேல் ஓடும். அங்கே ஒரு புள்ளி இருந்தால், ஓடுகிற தாள் முழுவதும் அந்தப் புள்ளியைத் தாண்டிப் போகும், நகலில் அது கோடாக நீளும். மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கிறது, ஃபீடர் படிக்கும் இடம் அதுதான். எல்லோரும் பெரிய கண்ணாடியைத் துடைப்போம், இதை விட்டுவிடுவோம். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கடுகில் பாதி அளவு வெள்ளைப் பொட்டு. யாரோ வைட்னர் போட்டுத் திருத்திய தாளை, அது காயும் முன்னே நான் ஃபீடரில் விட்டிருக்கிறேன்.

மின்சாரத்தை எடுத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தால் மெல்லச் சுரண்டினேன். பிளேடு வைக்கக் கூடாது, கண்ணாடியில் கீறல் விழுந்தால் அதுவே நிரந்தரக் கோடாகிவிடும். அப்புறம் நூல் பிரியாத துணியில் கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கொஞ்சம் தொட்டுத் துடைத்தேன். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். பத்து நிமிடத்தில் கோடு போயிற்று. இப்போது வைட்னர், பசை, ஸ்டேப்ளர் பின் இருக்கும் தாள் எதுவும் ஃபீடருக்குப் போகாது, நேராகக் கண்ணாடிக்குத்தான். வாரம் ஒருமுறை அந்தப் பட்டையைத் துடைப்பதும் வழக்கமாகிவிட்டது.

கோடு கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்த பக்கத்திலும் விழுந்தாலோ, ஒரே மாதிரிப் புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தாலோ அது வேறு கதை, உள்ளே சுற்றும் ஏதோ ஓர் உருளையில் காயம் இருக்கிறது என்று அர்த்தம். புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து அளந்தால் எந்த உருளை என்றே தெரியும், அதன் சுற்றளவுதான் அந்த இடைவெளி. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்றால் ஏறத்தாழ 75 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. பழுது பார்ப்பவரிடம் இந்த அளவைச் சொன்னாலே அவர் சரியான பாகத்தோடு வருவார்.

அடுத்தது பில். இதில் வேலை குறைவு, ஆபத்து அதிகம்.

பில் கட்டும் சேவை தரும் நிறுவனத்தில் முகவராகப் பதிந்து, முன்பணம் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் அந்த இருப்பிலிருந்து தொகை போகும், வாடிக்கையாளர் தரும் ரொக்கம் கல்லாவுக்கு வரும். என் கணக்கில் மிஞ்சும் கமிஷன் பில் தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பில்லைத் தவறான எண்ணுக்குக் கட்டி அந்தப் பணம் திரும்பவில்லை என்றால், நூறு பில்லுக்கு மேல் கட்டிச் சம்பாதித்தது அதோடு போச்சு. அதனால் இதில் வேகம் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இணைப்பு எண்ணை வாய்வழியாகக் கேட்டு அடிக்க மாட்டேன், பழைய பில்லையோ அதன் போட்டோவையோ பார்த்துத்தான். எண்ணை அடித்ததும் திரையில் இணைப்புதாரர் பெயர் வரும். அந்தப் பெயரை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் ஆமாம் என்று சொன்ன பிறகே காசு வாங்குவேன். ஒருமுறை இரண்டு இலக்கம் இடம் மாறி வேறொருவர் பெயர் வந்தது. தொகை ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், பெயரைப் படித்திருக்காவிட்டால் கட்டியிருப்பேன்.

நான் உண்மையில் பணத்தை மாட்ட வைத்தது வேறு இடத்தில். கட்டி முடித்ததும் திரையில் Success, Failed என்று வருவதோடு Pending என்று மூன்றாவதாக ஒன்றும் வரும். பணம் என் இருப்பிலிருந்து போய்விட்டது, அந்தப் பக்கம் சேர்ந்ததா என்று இன்னும் பதில் வரவில்லை என்று பொருள். முதல் முறை அப்படி வந்தபோது கடைசித் தேதி. எதிரில் நின்ற அம்மா பதறினார், "இன்னிக்குள்ள கட்டலைன்னா துண்டிச்சிடுவாங்கப்பா" என்றார். நான் மறுபடி கட்டினேன். இரவில் பார்த்தால் இரண்டுமே சேர்ந்திருந்தன. கூடுதலாகப் போனது அவருடைய இணைப்புக் கணக்கில் முன்பணமாக நின்றது. நல்லவேளை, அவர் நேர்மையானவர். அடுத்த பில்லில் அது கழிந்ததும் தானாக வந்து என் காசைக் கொடுத்தார். ஆனால் அதுவரை இரண்டு மாதம் அந்தப் பணம் என்னுடையதாக இருந்தும் என்னிடம் இல்லை.

இப்போது Pending என்றால் கையை எடுத்துவிடுவேன். அந்தப் பரிவர்த்தனையின் எண், தேதி, நேரம், தொகை நாலையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா, சேரலைன்னா காசைத் திருப்பித் தர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். கடைசித் தேதி மாலையில் வருகிறவர்களிடம் கட்டும் முன்பே இந்த வாய்ப்பைச் சொல்லிவிடுவேன். சிலர் நேரே அலுவலகத்துக்கே போய்விடுகிறார்கள். போகட்டும்.

முன்பணம் எவ்வளவு வைப்பது என்பதும் அனுபவத்தில்தான் தெரிந்தது. சாதாரண நாளில் எனக்கு 12 பில், கடைசித் தேதி வாரத்தில் 35. சாதாரண நாளை வைத்துக் கணக்குப் போட்டு இருப்பு வைத்திருந்தேன். அந்த வாரத்தில் வங்கிக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. கல்லா நிறைய ரொக்கம் இருக்கிறது, செயலியில் இருப்பு பூஜ்யம். ரொக்கத்தை உள்ளே ஏற்ற வழி இல்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். மோசமான மூன்று நாளைத் தாங்க வேண்டும் என்றால் 105 பில்லின் பணம் சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவு முதலை அதில் முடக்கினால் கடையில் சரக்கு குறையும். ஆகவே ஒரு நாளைக்கு 20 பில்லோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வேலையை நான் பெரிதாக்கப் போவதில்லை. பில் கட்ட வருகிறவர் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போகிறார், அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். அதோடு பில் பணத்துக்குத் தனி டப்பா வேண்டும். வியாபாரக் காசோடு கலந்தால் அன்றைய விற்பனை எவ்வளவு என்றே தெரியாமல் போகும்.

படிவம் நிரப்புவதுதான் இந்த மூன்றில் எனக்கு அதிகம் மிஞ்சுவது. அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

ஆரம்பத்தில் ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வைத்தேன். மாதக் கடைசியில் அசதிதான் மிஞ்சியது. அப்புறம் 30 படிவத்துக்கு, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், நடுவில் எதற்குக் காத்திருந்தேன் என்று எழுதி வைத்தேன். சராசரியாக ஒரு படிவத்துக்கு 22 நிமிடம். அதில் தட்டச்சு செய்தது 8 நிமிடம் மட்டும். மீதி 14 நிமிடமும் மூன்று இடத்தில் போயிருந்தது. சான்றிதழை எடுக்க அவர் வீட்டுக்குப் போன் செய்வது, ஓடிபி வரும் போன் வீட்டில் இருக்கும் மகனிடம் இருப்பது, போட்டோவையும் கையெழுத்தையும் படிவம் கேட்கும் அளவுக்குச் சுருக்குவது.

முதல் இரண்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு தீர்வாயிற்று. அடிக்கடி வரும் ஒவ்வொரு படிவத்துக்கும் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்து வைத்திருக்கிறேன், முதல் வரியே "ஓடிபி வரும் போன் கையில் இருக்க வேண்டும்". விசாரிக்க வந்தவருக்கு அந்தச் சீட்டைக் கொடுத்து, கூட்டமில்லாத மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் வரச் சொல்வேன். எல்லாவற்றோடும் வருகிறவருக்கு இப்போது 13 நிமிடம்தான் ஆகிறது. கட்டணத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன்: தயாராக வந்தால் ஒன்று, ஸ்கேன் எடுத்து போட்டோ சுருக்கி நான் தயார் செய்வதென்றால் அதற்குக் கூடுதலாக ஒன்று. இதை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது விஷயத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு மாணவி கொண்டுவந்த போட்டோ போனில் எடுத்தது, 3000க்கு 4000 பிக்சல், 4 எம்பி. படிவம் கேட்டது மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் அளவு, 20 கேபிக்கு மேல் 50 கேபிக்குள். ஒரு செயலியில் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனேன். 50 கேபி வந்தபோது முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவ்வளவு பிக்சலையும் வைத்துக்கொண்டு கோப்பை மட்டும் சுருக்கினால் அப்படித்தான் ஆகும். முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டரை ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால் 413க்கு 531 பிக்சல் வரும். அந்த அளவில் வைத்தால் 50 கேபியில் முகம் தெளிவாகவே இருக்கும்.

இன்னொரு நுணுக்கம், போன் படத்தின் நீள அகல விகிதமும் படிவம் கேட்கும் விகிதமும் ஒன்றல்ல. இழுத்துப் பொருத்தினால் முகம் அகன்றுவிடும். அகலத்தை 413க்குக் கொண்டுவந்தால் உயரம் 551 ஆகும், மேலே பத்தும் கீழே பத்தும் வெட்டினால் சரி. என் கடைக் கம்ப்யூட்டரில் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இந்த ஒரு வரி எல்லாவற்றையும் செய்துவிடும்:

```
magick photo.jpg -auto-orient -resize "413x531^" -gravity center -extent 413x531 -strip -define jpeg:extent=48kb out.jpg
```

இதில் `-auto-orient` முக்கியம். போனில் எடுத்த படம் நிமிர்ந்து தெரிவது பல சமயம் உள்ளே இருக்கும் ஒரு குறிப்பால்தான். `-strip` அந்தக் குறிப்பை நீக்கிவிடும். முன்னால் சரிசெய்யாமல் விட்டால், படிவத்தில் ஏற்றியதும் ஆள் பக்கவாட்டில் படுத்துவிடுவார். 50 என்று போடாமல் 48 என்று போட்டது, எல்லையில் நின்று நிராகரிப்பு வாங்க வேண்டாம் என்பதற்காக. கையெழுத்துக்குப் போனில் படம் எடுப்பதில்லை, கையின் நிழல் விழும். வெள்ளைத் தாளில் கருப்புப் பேனாவால் போடச் சொல்லி ஸ்கேன் செய்கிறேன். சான்றிதழ்களை ஒரு அங்குலத்துக்கு 200 புள்ளியில், சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் எழுத்துத் தெளிவாகவும் கோப்பு சிறிதாகவும் இருக்கும். வண்ணம் வேண்டும் என்று படிவமே சொன்னால் மட்டும் வண்ணம்.

நேரத்தை இப்படிச் சரி செய்யலாம். தவறுகள்தான் பயமுறுத்துகின்றன, ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் காசு போவது எனக்கு, வாய்ப்புப் போவது அவருக்கு.

ஒரு நாள் ஒருவருடைய முகவரிக் கட்டத்தில் முதல் எழுத்தை அடித்ததும், அன்று காலை வந்தவருடைய முகவரி முழுவதும் தானாக வந்து உட்கார்ந்தது. பிரவுசர் நினைவில் வைத்திருக்கிறது. நான் கவனித்து அழித்தேன். ஆனால் கீழே அஞ்சல் குறியீடு கட்டத்திலும் அது நுழைந்திருந்ததைப் பார்த்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்தான். அன்றே தானாக நிரப்பும் வசதியை அணைத்தேன். ஒவ்வொருவருக்கும் குரோமில் Ctrl+Shift+N அழுத்தி, எதையும் நினைவில் வைக்காத தனிச் சாளரம் திறக்கிறேன், முடிந்ததும் மூடிவிடுகிறேன். வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய இன்னொரு மானிட்டரும் பழையதாக ஒன்று வாங்கிப் போட்டேன். சமர்ப்பிக்கும் முன் அவரே வரி வரியாகப் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல், முதலெழுத்து முன்னாலா பின்னாலா, பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா, இந்த மூன்றையும் நான் விரல் வைத்துக் காட்டுகிறேன்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வயதான ஒருவருக்கு மின்னஞ்சல் இல்லை. போகட்டும் என்று கடை மின்னஞ்சலைப் போட்டுவிட்டேன். அவருடைய விண்ணப்பத்தில் ஒரு ஆவணம் சரியில்லை, திரும்ப ஏற்றுங்கள் என்ற கடிதம் எனக்கு வந்தது, மற்ற கடிதங்களுக்கு நடுவே. நான் அதைப் பார்த்தபோது நாலு நாள் ஆகியிருந்தது. கெடு ஐந்து நாள். ஓடிப்போய் அவரைத் தேடிப் பிடித்து ஏற்றினோம், தப்பித்தது. அதன் பிறகு கடை எண்ணையோ கடை மின்னஞ்சலையோ யாருக்கும் போடுவதில்லை. இல்லாதவருக்கு அவர் வீட்டில் நம்பிக்கையான ஒருவருடைய போனில் புதிதாகத் தொடங்கிக் கொடுப்பேன், கடவுச்சொல்லை அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆவணக் கோப்புகள் எல்லாம் அன்றைய தேதி போட்ட ஒரே ஃபோல்டரில் இருக்கும். கடை சாத்தும் முன் அதை அழிப்பேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்வேன், கடைப் போனுக்கு அவர்கள் அனுப்பிய படங்களையும் அழிப்பேன். "அண்ணா, போன வாரம் ஸ்கேன் பண்ணினீங்களே, அது இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லித் திரும்ப ஸ்கேன் செய்கிறேன். ஊராருடைய அடையாள அட்டைகளைக் கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் "கேட்டார்கள், இல்லை என்றேன்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஆறாம் மாதம் எண்ணிப் பார்த்தபோது வண்ண நகல் 9 பேர், லேமினேஷன் 31 பேர். அதனால் வண்ண மெஷின் வாங்கவில்லை, சின்ன லேமினேஷன் மெஷின் வந்தது. அதில் ஒரு விஷயம் மட்டும் கவனமாக இருக்கிறேன். சிலர் பொருள் வாங்கிய ரசீதை, உத்தரவாதத்துக்காகப் பத்திரப்படுத்த, லேமினேட் செய்யச் சொல்வார்கள். ரசீதுத் தாள் பல இடங்களில் சூடு பட்டால் கருக்கும் தாள், உருளைக்குள் போய் வெளியே வரும்போது முழுக்கக் கருப்பாகியிருக்கும். அதனால் வெற்றிடமான ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பார்க்கிறேன். கருப்புக்கோடு விழுந்தால் அதை மெஷினில் விடுவதில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை லேமினேட் செய்து, மூல ரசீதை அதோடு ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.